கோடு போட்ட விலை: ஒரு ஃப்ரொக், நான்கு வாசகம்

ஹட்டனில் பெனர் அடிப்பதும் கடைகளுக்கு ஃபேஸ்புக் படம் செய்து கொடுப்பதும்தான் என் வேலை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு புடவைக் கடை முதலாளி வந்து உட்கார்ந்தார். "தம்பி, 3,900க்கு மேல சிவப்புக் கோடு போடுங்க. கீழ 2,730ன்னு பெருசா எழுதுங்க. ஓரத்துல 30% கழிவு."

சிறுமிகள் போடும் ஃப்ரொக் அது. புறக்கோட்டையிலிருந்து 60 எடுத்திருந்தார். பில் புத்தகத்தையும் கூடவே கொண்டு வந்திருந்ததால் அந்த ஃப்ரொக்கின் வரலாறு முழுவதையும் மேசையிலேயே பார்க்க முடிந்தது. ஜூலை 5 முதல் செப்டம்பர் 11 வரை 3,200 ரூபாவுக்கு 26 விற்றிருக்கிறது. செப்டம்பர் 12இல், தோட்டத்துச் சம்பளம் விழுந்த கையோடு, 2,900க்கு இறக்கியதில் 11 போயிருக்கிறது. ஒக்டோபர் 1இல் சீட்டை மாற்றி 3,900 ஆக்கியிருக்கிறார். அந்த ஐந்து நாளில் ஒன்றுகூடப் போகவில்லை. மிச்சம் 23. ஒக்டோபர் 6இலிருந்து 2,730க்குக் கொடுக்கப் போகிறார்.

2,730 என்பது நல்ல விலைதான். அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. பக்கத்தில் எந்த எண்ணை வைத்துக் கோடு போடுவது என்பதுதான் கேள்வி.

முதல் வாசகம் அவர் கேட்டது: "முன்பு 3,900, இப்போது 2,730, 30% கழிவு." கணக்குப் பிழையில்லை. ஆனால் 3,900 கொடுத்து யாரும் அதை வாங்கியதில்லை. கோடு போடுவதற்காகவே பிறந்த விலை அது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை மட்டும் தடுக்கவில்லை, தவறாக வழிநடத்தக் கூடிய நடத்தையையும் தடுக்கிறது. "சீட்டுல 3,900 போட்டுத்தானே வச்சிருந்தேன்" என்று சொல்லித் தப்புவது அதனால் கஷ்டம். ஐந்து நாள் தொங்கிய விலையை வழக்கமான விலை போலக் காட்டினால் பார்க்கிறவர் ஏமாறுவாரா என்றுதான் கேட்பார்கள்.

சட்டத்தை விடுங்கள், ஊரைப் பாருங்கள். செப்டம்பர் சம்பள ஞாயிறில் அந்த ஃப்ரொக்கைக் கையில் தூக்கிப் பார்த்து, 2,900 என்றதும் "அடுத்த மாசம் பாப்போம்" என்று வைத்துவிட்டுப் போன அக்காமார்தான் தீபாவளிக்கும் வருவார்கள். சிலருடைய ஃபோனில் அந்தச் சீட்டின் படமே இருக்கும், மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக எடுத்தது. அவர்களுக்கு முன்னால் 3,900ஐ வெட்டிக் காட்டினால், ஒரு லயம் முழுக்க அன்று பின்னேரமே அந்தக் கதைதான்.

இரண்டாவது: "முன்பு 3,200, இப்போது 2,730." கழிவு 470 ரூபா, கிட்டத்தட்ட 15%. இந்த விலையில் உண்மையாகவே 26 விற்றிருப்பதால் இதில் பொய் இல்லை என்று முதலாளி சந்தோஷப்பட்டார். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் "முன்பு" என்று படிக்கிற யாரும் ஜூலையை நினைக்க மாட்டார்கள், இதற்குச் சற்று முன் இருந்த விலை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். யாரும் வாங்காத அந்த ஐந்து நாள் 3,900ஐ விட்டால் அது 2,900. ஆகவே 3,200ஐப் போடுவதென்றால் "ஜூலை 5 முதல் செப்டம்பர் 11 வரை எங்கள் விலை 3,200" என்று திகதியோடு போட வேண்டும். திகதியை எடுத்துவிட்டால் இதுவும் முதல் வாசகத்தின் தம்பிதான். திகதியோடு போட்டால் சுத்தம், ஆனால் பெனரில் யார் இவ்வளவையும் படிப்பது?

மூன்றாவது: "முன்பு 2,900, இப்போது 2,730. 170 ரூபா குறைவு." வீதமாகப் போட்டால் 5.9தான், முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல் இருக்கிற விதிப்படி பார்த்தாலும் இதுதான் வரும்: கழிவு அறிவிப்பதற்கு முந்திய 30 நாளில் இருந்த ஆகக் குறைந்த விலைதான் "முன்பு" விலை. ஒக்டோபர் 6இலிருந்து 30 நாள் பின்னால் போனால் செப்டம்பர் 6. அந்த இடைவெளியில் 3,200ம் இருக்கிறது, 3,900ம் இருக்கிறது, ஆகக் குறைந்தது 2,900. உண்மையான 30 நாள் விலையைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, வீதத்தை வேறொரு பெரிய விலையிலிருந்து கணக்கிட்டால் என்ன என்ற தந்திரத்தையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அடைத்துவிட்டது. அந்த விதி ஹட்டனுக்கு வராது. ஆனாலும் எந்த எண்ணுக்குக் கோடு போடலாம் என்று குழம்பும்போது இதைவிட நேரான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை, இரண்டு வருடமாக இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது: கோடே இல்லை. "தீபாவளி விலை 2,730. ஒக்டோபர் 20 வரை." எந்தப் பழைய விலையையும் சொல்லாததால் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, திகதியைக் காப்பாற்றினால் போதும். பண்டிகைக்கென்று புதிதாக இறக்கிய சாமானுக்கு இது ஒன்றுதான் வழி, ஏனென்றால் விற்றே பார்க்காத உடுப்புக்கு "முன்பு" ஏது?

இந்த 23 ஃப்ரொக்குக்கு நான் மூன்றாவதைத்தான் சொன்னேன். 5.9% என்று எழுத வேண்டாம், 170 ரூபா என்று எழுதுவோம் என்றேன். அந்த 170 ரூபா என்னவென்று பார்க்கிறவருக்குத் தெரியும், பஸ் காசு அல்லது ஒரு சாமான். 2,900 என்ற எண்ணும் அவருக்கு ஞாபகம் இருக்கும், அதனால்தான் நம்புவார். முதலாளிக்கு அரை மனசு. கடைசியில் 3,900 சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சரி என்றார்.

பெனர் வேலையில் இன்னொரு வில்லங்கம் "வரை". "50% வரை கழிவு" என்பதில் 50ஐ நான்கடி உயரத்துக்கும், "வரை"யைக் கை விரல் அளவுக்கும் போடச் சொல்வார்கள். உள்ளே போனால் ஐம்பது வீதம் இருப்பது இரண்டு ஜோடி சொக்ஸுக்கு. எழுத்துகளைச் சமமாகப் போடச் சொல்லி நான் சண்டை பிடிக்கிறதுண்டு, பாதி நேரம் தோற்கிறேன். "ஃப்ரொக் 170 குறைவு, சாரம் 150 குறைவு" என்று பொருளைச் சொல்லி எழுதினால் "வரை"யே தேவைப்படாது.

பிஸ்கட் டின் மாதிரிப் பெட்டியில் அடைத்து வருகிற சாமானில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கும். அதை "முன்பு" என்று வெட்டக்கூடாது, அந்தக் கடை அதே விலைக்கு விற்றிருந்தாலே தவிர. "டின்னில் உள்ள விலை 1,200, எங்கள் விலை 1,080" என்று எழுதினால் விஷயம் முடிந்தது.

தீபாவளி முடிந்த பிறகு அந்தப் புடவைக் கடை முதலாளி ஒன்று கேட்டார்: மிச்சம் ஒன்பது ஃப்ரொக் இருக்கிறது, பொங்கலுக்கும் 2,900ஐ வெட்டிப் போடலாமா? சீட்டைப் பார்த்தேன், இன்னும் 2,730. நவம்பரில் 2,900க்கு ஏற்றி, அந்த விலையிலேயே ஜனவரி வரை உண்மையாக விற்க வைத்தால் போடலாம் என்றேன். அப்படியே விட்டால் பொங்கலுக்கு வெட்ட வேண்டிய விலை 2,730. அவர் பில் புத்தகத்தை எடுத்து, திகதி போட்டு, 2,900 என்று எழுதிக்கொண்டார்.