பாதாம் தோலை உரிக்க எந்தத் தண்ணீர்?

பாதாம் தோலை உரிக்க நம் வீடுகளில் மூன்று வழிகள் புழங்குகின்றன. இரவே பச்சைத் தண்ணீரில் போட்டு வைப்பது, சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பது, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுப்பது. இவை போக, தோல் நீக்கியதாகவே கடையில் வாங்கிவிடலாம். எது சுலபம் என்று கேட்பதைவிட, உரித்த பருப்பை அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று பார்ப்பது நல்லது. ஏனென்றால் மூன்று வழியிலும் தோல் கழன்றுவிடும். வித்தியாசம், பருப்பு எவ்வளவு தண்ணீரைக் குடித்திருக்கிறது என்பதில்தான்.

100 கிராம் பாதாமில் அல்வா கிளறுவதாக வைத்துக்கொள்வோம். எண்ணிப் பார்த்தால் எண்பது, தொண்ணூறு பருப்பு இருக்கும். ஊறினால் எடை கூடிவிடும் என்பதால் அளவை ஊறவைக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

அல்வாவுக்கு என் ஓட்டு சூடான தண்ணீருக்குத்தான். விரலை விட்டால் உடனே எடுக்கத் தோன்றும் அளவு சூடு போதும்; கொதிக்க வேண்டாம். பருப்பு மூழ்கி, மேலே இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர் நிற்கட்டும். மூடி வையுங்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் ஆறியிருந்தால் வடித்துவிட்டு மறுபடியும் சூடாக ஊற்றுங்கள். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தோல் உப்பிச் சுருக்கம் விழும். ஒரு பருப்பை எடுத்து அகலமான முனையில் அழுத்திப் பாருங்கள். பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் சரி. தோல் துணுக்குத் துணுக்காகக் கிழிந்தால் இன்னும் கால் மணி நேரம் விட வேண்டும். அழுத்தும்போது இன்னொரு கையைக் குவித்துப் பிடிக்காவிட்டால் பருப்பு அடுப்புக்கு அடியில் போய்விடும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, மொத்தத்தையும் வடிகட்டித் தட்டில் கொட்டிவிட்டு உட்கார்ந்து உரிப்பது. பாதி வேலைக்குள் மீதிப் பருப்பின் தோல் காய்ந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். தண்ணீரிலேயே விட்டு, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து உரித்தால் பத்து நிமிட வேலைதான். வழவழப்பான கலிஃபோர்னியா பாதாம் சுலபமாக உரியும். மாம்ரா பாதாமில் மடிப்பும் சுருக்கமும் அதிகம் என்பதால் அந்த இடுக்குகளில் தோல் தங்கும். நேரம் கூடுதலாக ஆகும்.

கொதிநீர் ஒரு நிமிடத்தில் வேலையை முடித்துவிடுமே, அல்வாவுக்கும் அதையே செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் அங்கே மிச்சமான நேரம் மிக்ஸியில் போய்விடும். ஒரு நிமிடத்தில் தோலுக்கு அடியில்தான் தண்ணீர் நுழைகிறது. பருப்பின் உள்பகுதி கெட்டியாகவே இருக்கும். அதை ரவைப் பதத்துக்கு அரைக்கப் பால் நிறைய ஊற்ற வேண்டியிருக்கும். ஊற்றிய பாலெல்லாம் சுண்டும்வரை கிளறியாக வேண்டும். ஊறிய பருப்போ கால் டம்ளர் பாலிலேயே அரைபட்டுவிடும். அவசரம் என்றால் கொதிநீரில் உரித்த பருப்பை அரை மணி நேரம் சூடான பாலில் போட்டுவிட்டு, அதே பாலோடு சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறினாலும் பருப்பு நன்றாக அரைபடும். அடுப்பும் வேண்டாம். ஒரே சிக்கல் நம் ஊர் வெயில். மே மாதத்தில் வெளியே விட்டால் விடிவதற்குள் தண்ணீர் வழவழப்பாகி லேசாகப் புளித்த வாடை வரலாம். அப்படி வந்த பருப்பைக் கொட்டிவிடுவதுதான் நல்லது. ஃபிரிட்ஜுக்குள் வைத்து ஊறவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது பாதாம் கத்லியைப் பாருங்கள். எல்லாம் தலைகீழாகிவிடும். கத்லிக்கு வேண்டியது உலர்ந்த பொடி. ஊறிய பருப்பை மிக்ஸியில் போட்டால் விழுதுதான் கிடைக்கும். அதை ஒரு கம்பிப் பாகில் கொட்டினால் பாகு நீர்த்துப்போய், எவ்வளவு கிளறினாலும் தட்டில் பிசுபிசுவென்று நிற்கும், வில்லை விழாது. ஆக இங்கே கொதிநீர்தான். இரண்டு டம்ளர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, 100 கிராம் பருப்பைப் போட்டு, ஒரே நிமிடத்தில் வடித்துப் பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் விட்டால் பருப்பு வேகத் தொடங்கும்; தோலின் பழுப்புச் சாயமும் வெள்ளைப் பருப்பில் ஏறும்.

உரித்ததும் துணியில் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு பரப்பி வையுங்கள். ஓவன் இருந்தால் 100 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம். நிறம் மாறக் கூடாது. ஒன்றை ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஆறிய பிறகு ஒரு கரண்டி சர்க்கரையோடு, விட்டு விட்டு அரைக்க வேண்டும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட விட்டால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும்.

கடையில் விற்கும் தோல் நீக்கிய பாதாம் கத்லிக்குத்தான் கைகொடுக்கும். அது உலர்ந்தே வருவதால் மேலே சொன்ன பாடெல்லாம் மிச்சம். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று செய்பவர்கள் விலை கூடுதல் என்று யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் தோல் பருப்புக்கு ஒரு கவசம். அது போனபின் காற்றுப் பட்டு எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். பாக்கெட்டைப் பிரித்ததும் ஒன்றை மென்று பாருங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தால் எந்தப் பாகும் அதை மறைக்காது. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சரி, உரிக்கவே வேண்டுமா? அல்வாவிலும் கத்லியிலும் கட்டாயம் வேண்டும். தோலோடு அரைத்தால் குங்குமப்பூவின் மஞ்சள் மங்கி மண் நிறமாகும். தோலின் துவர்ப்பும் நாக்கில் நிற்கும். பாதாம் பாலில் பழுப்புத் துகள் மிதக்கும், அதற்கும் உரிக்கலாம். வெள்ளைக் குருமாவுக்குப் பத்துப் பருப்பு போதும் என்பதால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு முடித்துவிடலாம். அதே பருப்பு மிளகாய்த்தூளும் தக்காளியும் போட்ட சிவப்புக் குருமாவுக்கு என்றால் தோலோடே அரைத்துவிடுவேன். அந்த மசாலாவில் யாருக்கும் தெரியாது. வறுத்துக் கொறிக்கவும், கேக்கின் மேலே தூவவும் தோல் இருந்தால்தான் ருசி.

காலையில் ஐந்து பருப்பு சாப்பிடுகிறவர்கள் மட்டும் சத்துக்காக என்று சொல்லி உரிக்கிறார்கள். நார்ச்சத்தும் பாலிஃபீனால்களும் செறிந்திருப்பது அந்தத் தோலில்தான். மெல்லச் சிரமம், துவர்ப்பு பிடிக்கவில்லை என்றால் உரித்துக்கொள்ளுங்கள், அது நியாயமான காரணம். பல் நன்றாக இருப்பவர்கள் ஊறிய பருப்பைத் தோலோடே மெல்லலாம்.