தீபாவளிப் பெட்டி அனுப்புகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

அக்கா மகன் ஜெர்மனியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். போன தீபாவளிக்கு அவனுக்குப் பலகாரம் அனுப்ப, "5 கிலோ தீபாவளிப் பெட்டி, வரி உட்பட, ஹாஸ்டல் வாசலுக்கே டெலிவரி" என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பி 6,500 ரூபாய் கட்டினேன். அக்டோபர் 20 தீபாவளி. அன்றைக்குப் பெட்டிக்குப் பதிலாக, வந்து விளக்கம் கொடுக்கும்படி சுங்க அலுவலகத்திலிருந்து அவனுக்குக் கடிதம்தான் வந்திருந்தது.

வகுப்பை விட்டுவிட்டுப் போனான். அதிகாரி அவன் கண்ணெதிரிலேயே பெட்டியைப் பிரித்து, பால்கோவாவையும் நெய் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருட்களைத் தபாலிலோ கூரியரிலோ இப்படி அனுப்பக்கூடாது. எங்களுக்குத் தெரியாது, சரி. இதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குமா தெரியாது?

மிச்சத்துக்கு வரி கேட்டார்கள். "சித்தி கொடுத்த பரிசு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். 45 யூரோவுக்குள் மதிப்புள்ள பரிசுக்கு அங்கே வரி இல்லை, ஆனால் அது ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு அனுப்பியதாக இருக்க வேண்டும். பெட்டியில் அனுப்புநர் என்ற இடத்தில் கடைப் பெயர், உள்ளே கடை பில். அப்புறம் அது எப்படிப் பரிசாகும்? கடைச் சரக்குதான். வரியை அவன் கையிலிருந்து கட்டினான், அந்த மாதம் அவன் கையில் இருந்ததே கொஞ்சம்தான்.

"சித்தி, முறுக்கெல்லாம் தூளாயிடுச்சு, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்று போனில் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. அறைக்குக் கொண்டுபோய் எடை போட்டிருக்கிறான். எடுத்த இரண்டு பொருளையும் அவற்றின் மேல் அச்சிட்ட எடையில் சேர்த்துப் பார்த்தாலும் மூன்று கிலோ தேறவில்லை. கேட்டால் "வால்யூம் வெயிட்" என்கிறார்கள். பெட்டி 40, 30, 20 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 4.8 கிலோ. கூரியர்காரர்கள் இப்படிக் கணக்குப் போடுவது உண்மைதான், அது அனுப்பும் கட்டணத்துக்கு. அதைக் காட்டி 5 கிலோ பலகாரம் என்று விற்பது ஏமாற்று. பணம் திரும்பி வரவில்லை, இப்போது என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

ஆர்டர் போடுகிற அத்தை, மாமா, சித்தப்பாக்கள் யாராக இருந்தாலும் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: உள்ளே வைக்கும் ஒவ்வொரு பொருளின் பெயரும் எடையும், அனுப்புநர் இடத்தில் யார் பெயர், அங்கே வரி வந்தால் யார் கட்டுவது. "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று மட்டும் சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

பொங்கலுக்கு நானே தேங்காய் எண்ணெயில் முறுக்கு சுட்டு, கடலை மிட்டாய், பருப்புப் பொடியோடு டப்பாக்களில் இறுக்கி அடுக்கி, என் பெயரில் தபால் நிலையத்திலிருந்து அனுப்பினேன். சுங்கப் படிவத்தில் பரிசு என்று குறித்து, ஒவ்வொன்றின் உண்மையான விலையையும் எழுதினேன், மொத்தம் 45 யூரோவுக்குள் வந்தது. பொங்கல் முடிந்து நாலு நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் வரி கேட்கவில்லை, முறுக்கும் முழுசாக இருந்ததாம்.