‘மரத்தடி’யைத் தேட எது தோது: grep, சொல் அட்டவணை, சஃபிக்ஸ் மரம், சஃபிக்ஸ் அரே

ஒரு பெரிய தமிழ்த் தொகுப்பு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாவல்கள், பழைய இதழ்கள், கடிதங்கள் எல்லாம் சேர்ந்து 10 கோடி எழுத்துக்குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆகவே கோப்பு ஏறக்குறைய 300 எம்பி. அதில் ‘மரத்தடி’ எங்கெல்லாம் வருகிறது என்று கேட்கிறோம். தனிச்சொல்லாக வந்தாலும் சரி, ‘ஆலமரத்தடியில்’, ‘புளியமரத்தடிக்கு’ என்று வேறு சொல்லின் நடுவில் ஒளிந்திருந்தாலும் சரி, எல்லாம் வேண்டும். இந்த வேலைக்கு எந்த முறை தோது என்பதுதான் இங்கே அலசல்.

முதலில் `grep`. முன்தயாரிப்பு எதுவும் கிடையாது, கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி வரை வாசிக்கும், நடுவில் இருப்பதையும் பிடித்துவிடும். 300 எம்பி நினைவகத்தில் ஏற்கெனவே இருந்தால் இன்றைய கணினியில் ஒரு நொடிக்குள் முடித்துவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தேடல்தான் என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு தேடலும் முழுக் கோப்பையும் வாசிக்கிறது. அகராதி வேலைக்காக ஐம்பதாயிரம் சொல்வடிவங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும் என்றால், தேடலுக்குக் கால் நொடி என்று வைத்தாலே மூன்றரை மணி நேரம் ஆகும். தொகுப்பு பத்து மடங்கு வளர்ந்தால் நேரமும் பத்து மடங்கு.

அடுத்தது சொல் அட்டவணை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பொருளடைவு மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் இடங்களின் பட்டியல். தேடுபொறிகள் பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. ஆங்கிலத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. தமிழில் ‘ஆலமரத்தடியில்’ என்பது அட்டவணைக்கு ஒரே சொல், ‘மரத்தடி’ என்று கேட்டால் அதைக் காட்டாது. சொற்பட்டியலுக்குள் மட்டும் `grep` ஓட்டி, பொருந்தும் சொற்களின் இடங்களையெல்லாம் சேர்க்கலாம்தான். ஆனால் வேற்றுமை உருபும் விகுதியும் புணர்ச்சியும் சேர்ந்து, ஒரு வேர்ச்சொல் நூற்றுக்கணக்கான வடிவம் எடுக்கிற மொழி நம்முடையது. அந்தப் பட்டியலே பெரிதாக வீங்கிவிடும். அதோடு, இரண்டு சொல்லின் எல்லையைத் தாண்டி வரும் துண்டை இது தனியாக ஒட்டிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் அதிகப் பொருத்தம் என்று வரிசைப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் இதுவே சிறந்தது. எந்தத் துண்டையும் தேட வேண்டும் என்றால் இது அதற்குச் செய்த கருவி இல்லை.

இப்போது சஃபிக்ஸ் அரே. யோசனை மிக எளிது. உரையின் ஒவ்வொரு இடத்திலிருந்தும் கடைசி வரை உள்ள பகுதியை ஒரு ‘வால்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வால்களையும் அகரவரிசை மாதிரி அடுக்குகிறோம். வால்களை நகலெடுத்து வைப்பதில்லை, அவை தொடங்கும் இட எண்களை மட்டும் அந்த வரிசையில் எழுதி வைக்கிறோம். உரைக்குள் இருக்கும் எந்தத் துண்டும் ஏதோ ஒரு வாலின் தலைப்பகுதிதான். ஆகவே துண்டைத் தேடுவது, அகராதியில் சொல் தேடுவது மாதிரி ஆகிவிடுகிறது. உடி மான்பரும் ஜீன் மையர்ஸும் 1990-இல் இதை முன்வைத்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மின்வடிவத்தில் தேடுவதற்காக காஸ்டன் கொன்னேயின் குழுவும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

‘படபடவென’ என்ற ஒரே சொல்லை எடுத்துச் செய்து பார்க்கலாம். கணினிக்கு இது ஏழு குறி: ப, ட, ப, ட, வ, ெ, ன. இடங்கள் 0 முதல் 6. யூனிகோடு எண் வரிசையில் வால்களை அடுக்கினால் இப்படி வரும்:

```
வரிசை  இடம்  வால்
0      1     டபடவென
1      3     டவென
2      6     ன
3      0     படபடவென
4      2     படவென
5      4     வென
6      5     ென
```

சஃபிக்ஸ் அரே என்பது நடுவில் இருக்கும் 1, 3, 6, 0, 2, 4, 5 மட்டும்தான். ‘ன’ இங்கே ‘ப’வுக்கு முன்னால் வருவது யூனிகோடின் வரிசை, நம் அகரவரிசை இல்லை. தேடலுக்கு அது பொருட்டில்லை, வரிசை ஒரே சீராக இருந்தால் போதும். இப்போது ‘பட’ தேடுவோம். நடுவில் வரிசை 3-ஐப் பார்க்கிறோம்: ‘பட’, சிறியதில்லை, இடப்பக்கம் போகிறோம். வரிசை 1: ‘டவ’, சிறியது, வலப்பக்கம். வரிசை 2: ‘ன’, சிறியது. ஆகவே தொடக்கம் 3. இதே மாதிரி முடிவைத் தேடினால் 5 வரும். 5 கழித்தல் 3, இரண்டு முறை வருகிறது; இடங்கள் 0, 2. எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் இடங்களைத் தொடவே வேண்டாம், ஒரு கழித்தலோடு முடிந்தது. ஐம்பதாயிரம் சொல்வடிவத்தை எண்ணும் வேலைக்கு இதுதான் உயிர்நாடி.

தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும் நிரல் இவ்வளவுதான். முடிவுக்கு `if` வரியில் மட்டும் `<` இருக்கும் இடத்தில் `<=` போட வேண்டும்:

```python
def lower(t, sa, p):
    lo, hi = 0, len(sa)
    while lo < hi:
        mid = (lo + hi) // 2
        i = sa[mid]
        if t[i:i+len(p)] < p:
            lo = mid + 1
        else:
            hi = mid
    return lo
```

10 கோடி வால்கள் இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 27 ஒப்பீடு. தொகுப்பு பத்து மடங்கு ஆனால் 30. இந்த வேறுபாட்டைத்தான் `grep`-ஆல் எட்ட முடியாது.

தேடுவது எளிது, அடுக்குவதுதான் கடினம். பைத்தானில் முதலில் எல்லாரும் எழுதுவது `sorted(range(n), key=lambda i: t[i:])`. சின்ன உரையில் அழகாக ஓடும். ஒரு லட்சம் பைட் உரை கொடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு வாலும் நகலாவதால் 500 கோடி பைட் நினைவகம் கேட்கும். நகலெடுக்காமல் ஒப்பிட்டாலும் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரே கதை தொகுப்பில் இரண்டு முறை நுழைந்திருந்தால், அந்த வால்களை ஒப்பிடும்போது ஆயிரக்கணக்கான குறிகள் ஒன்றாகவே போய்க்கொண்டிருக்கும். மற்ற கோப்புகளில் சட்டென்று முடிந்த அடுக்கல் ஒரு கோப்பில் மட்டும் நகராமல் நின்றால், முதலில் இரட்டிப்புப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மான்பர், மையர்ஸ் தந்த வழி: முதல் ஒரு குறியால் அடுக்கி ஒவ்வொரு இடத்துக்கும் தரவரிசை எண் கொடு, அடுத்த சுற்றில் இரண்டு குறி, பிறகு நான்கு, எட்டு. எட்டுக் குறியை ஒப்பிட, ஏற்கெனவே கிடைத்த இரண்டு நான்கு-குறித் தரவரிசைகளைப் பார்த்தால் போதும். 10,000 குறி நீளமுள்ள நகல் இருந்தாலும் 15 சுற்றில் பிரிந்துவிடும். இன்று இதையும் நாமே எழுத வேண்டியதில்லை, யூட்டா மோரியின் `libdivsufsort` என்ற நிரலகம் இருக்கிறது.

அது பைட்டுகளை அடுக்கும். தமிழுக்கு ஒரு குறி 3 பைட் ஆயிற்றே என்று தோன்றும். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொருத்தம் இருக்கிறது. தமிழ் யூனிகோடு `0B80` முதல் `0BFF` வரை. அந்த எண்ணின் கடைசிப் பைட் `80` முதல் `FF` வரை. ஆஸ்கி `00` முதல் `7F` வரை. இரண்டும் சேர்ந்து ஒரு பைட்டை மிச்சமில்லாமல் நிரப்புகின்றன. ‘ப’ `0BAA`, அதை `AA` என்று வைத்தால் போதும். 300 எம்பி உரை 100 எம்பியாகச் சுருங்கி, அப்படியே `libdivsufsort`-க்குள் போகிறது. வளைந்த மேற்கோள்குறி மாதிரி இதற்கு வெளியே உள்ளவற்றை இடைவெளியாக மாற்றலாம். ஒரு குறிக்கு ஒரு பைட் என்ற கணக்கு கெடாமல் இருந்தால்தான் விடையின் இடத்தை மூல உரையில் காட்ட முடியும்.

அதற்கு முன் உரையையும் கேள்வியையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறி `0BCA` என்று ஒன்றாகவும் இருக்கலாம், `0BC6` `0BBE` என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. கண்ணுக்குத் தெரிகிற சொல்லுக்குச் சுழியம் என்று விடை வந்தால் இதைச் சந்தேகியுங்கள். என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

அப்புறம், ‘பட’ என்று தேடினால் ‘படி’, ‘பட்டம்’ எல்லாமும் வரும், ஏனென்றால் அவையும் ப, ட என்றே தொடங்குகின்றன. ‘ட’ என்ற முழு எழுத்தோடு நிற்க வேண்டும் என்றால் விடைகளை ஒவ்வொன்றாக வடிகட்டத் தேவையில்லை. உயிர்க்குறிகளும் புள்ளியும் `BE`-யில் தொடங்குகின்றன, உயிரும் மெய்யும் அதற்குக் கீழே. ஆகவே வேண்டாதவை எல்லாம் விடைத்தொகுதியின் கடைசியில் மொத்தமாகக் கிடக்கும். முடிவை `lower(t, sa, p + b"\xBE")` என்று எடுத்தால் கத்தரித்த மாதிரி விழுந்துவிடும். தமிழ் எண்குறிகள் தொடரும் அரிய இடங்கள் மட்டும் அதோடு போகும்.

சஃபிக்ஸ் மரம் இதற்கு மூத்தது, 1973-இல் பீட்டர் வைனர் கொடுத்தது. அதே வால்களைக் கிளை கிளையாக வைத்திருக்கும். தேடும் நேரம் துண்டின் நீளத்தை மட்டுமே பொறுத்தது, அந்த 27 ஒப்பீடுகூட இல்லை. ஆனால் கவனமாக எழுதினாலும் ஒரு குறிக்கு 10 முதல் 20 பைட் கேட்கும். நம் தொகுப்புக்கு 1 முதல் 2 ஜிபி. அரேக்கு குறிக்கு 4 பைட், 400 எம்பி. இந்த வேலைக்கு மரத்தைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

மனித மரபணுத்தொகை மாதிரி 310 கோடி எழுத்து என்று வரும்போது கணக்கு மாறுகிறது. அரே மட்டும் 12 ஜிபிக்கு மேல். இட எண்ணைக் குறியுள்ள 32 பிட்டில் வைத்திருந்தால் 214 கோடியைத் தாண்டியதும் எதிர்மறை எண்கள் தலைகாட்டும், அதுதான் அடையாளம். அங்கே 2000-இல் ஃபெர்ராகினாவும் மன்சினியும் தந்த எஃப்எம்-இண்டெக்ஸ் என்ற சுருக்கிய அட்டவணை சில ஜிபிக்குள் அடக்கிவிடுகிறது, மரபணுத் துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும் கருவிகளான `bwa`, `bowtie` இரண்டும் அதன்மேல் நிற்பவை. எண்ணிக்கை விரைவாகச் சொல்லும், இடங்களைச் சொல்லத்தான் ஒவ்வொன்றுக்கும் சில அடி பின்னோக்கி நடக்க வேண்டும். அதே வகையான `STAR` என்ற கருவி நினைவகம் போனாலும் போகட்டும் என்று சுருக்காத அரேயையே வைத்திருக்கிறது, வேகத்துக்காக.

அரேயின் உண்மையான குறை வேறு. புதிதாக ஒரு கட்டுரை சேர்ந்தால் அதன் வால்கள் வரிசை முழுக்கச் சிதறி நுழைய வேண்டும், அதனால் மொத்தத்தையும் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும். சொல் அட்டவணைக்கு இந்தத் தொல்லை இல்லை. நான் செய்வது: பழைய தொகுப்புக்கு அரே, அன்றன்று சேர்பவை தனிக் கோப்பில், அதற்கு `grep`. தேடல் இரண்டிலும் ஓடி விடைகளைச் சேர்க்கும். இரவில் தனிக் கோப்பைத் தொகுப்போடு இணைத்து, நூலுக்கும் நூலுக்கும் நடுவே ஒரு `00` பைட் வைத்து, மறுபடி அடுக்கிவிடுகிறேன். அந்தப் பைட் இல்லாவிட்டால் ஒரு நூலின் கடைசிச் சொல்லும் அடுத்ததன் முதல் சொல்லும் ஒட்டி, எந்த நூலிலும் இல்லாத துண்டு ஒன்று விடையாக வந்து நிற்கும்.