மூலக்கோப்பு தொலைந்த சுவரொட்டியில் தேதியை மாற்றுதல்: கிம்ப் மென்பொருளுடன் ஐந்து ஆண்டுகள்

நிகழ்ச்சி தள்ளிப்போகிறது, சுவரொட்டியை வடிவமைத்தவரின் கணினியில் மூலக்கோப்பு இல்லை, எல்லோரிடமும் இருப்பது ஏற்றுமதி செய்த ஒரு ஜேபெக் படம் மட்டுமே. ஐந்து ஆண்டுகளாக இத்தகைய படங்களில் தேதி திருத்தும் வேலை என்னிடம் அடிக்கடி வருகிறது. அவற்றை எல்லாம் இலவச மென்பொருளான கிம்ப்பில்தான் செய்துவருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த திருத்தங்கள் பார்த்தவுடனே காட்டிக்கொடுத்தன. அதற்குக் காரணம் மென்பொருள் அன்று, எழுத்தை மட்டும் அழித்தால் போதும் என்று நான் எண்ணியிருந்ததுதான்.

ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வெள்ளை எழுத்தின் கூர்மையான விளிம்பு ஒரு கட்டத்துக்குள் விழுந்தால், அந்தக் கட்டம் முழுவதிலும் மெல்லிய புள்ளிகளும் அலைகளும் படிந்துவிடுகின்றன. நிறத் தகவலைப் பல கோப்புகள் இன்னும் பெரிய, பதினாறு பிக்சல் அகலமுள்ள கட்டங்களாகச் சேமிப்பதால் நிறக்கசிவு அதைவிடத் தொலைவுக்கும் செல்லும். எழுத்தின் ஓரத்தோடு ஒட்டி அழிக்கும்போது எழுத்து போய்விடுகிறது, அதைச் சுற்றியிருந்த அழுக்கு அப்படியே நிற்கிறது. 14 என்ற எண்ணின் வடிவத்திலேயே ஓர் ஆவி பின்னணியில் தெரியும். இப்போதெல்லாம் எழுத்தைத் தேர்ந்தெடுத்த பின் தேர்வை `Select > Grow` கட்டளையால் 16 பிக்சல் விரிக்கிறேன், அல்லது தேதி வரி முழுவதையும் ஒரு செவ்வகமாக எடுத்துவிடுகிறேன். இரண்டாவது வழியே பெரும்பாலும் எளிது.

அண்மையில் செய்த ஒன்றைச் சொல்கிறேன். 1080-க்கு 1350 பிக்சல் அளவுள்ள படம். மேலே கருநீலத்தில் தொடங்கிக் கீழே ஊதா நிறமாக மாறும் வண்ணச்சாய்வு. நடுவில் வெள்ளை எழுத்தில் ‘14.12.2024’ என்றும் அதன் கீழ் வரியில் ‘சனிக்கிழமை’ என்றும் இருந்தன. புதிய நாள் 22.12.2024, ஞாயிறு. முதலில் படத்தின் எத்தனை நகல்கள் கிடைக்கின்றன என்று கேட்டேன். செய்திச் செயலி வழியாகப் படமாகக் கைமாறிய நகல் மறுபடியும் சுருக்கப்பட்டிருக்கும். மின்னஞ்சலில் இணைப்பாக வந்தது பெரும்பாலும் முதல் ஏற்றுமதியாகவே இருக்கும். இம்முறையும் மின்னஞ்சலில் தூய்மையான நகல் ஒன்று கிடைத்தது. இந்தத் தேடலுக்குச் செலவிடும் ஐந்து நிமிடம் பிறகு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

எண்களைப் பொறுத்தவரை எழுத்துருவைத் தேடும் தேவையே எழவில்லை. வேண்டிய ‘2’ அதே வரியிலேயே, அதே அளவில், அதே நிறத்தில், அதே மங்கலோடு இருக்கிறது. வண்ணச்சாய்வு மேலிருந்து கீழாக மாறுவதால் ஒரே உயரத்தில் இடமிருந்து வலம் எங்கும் பின்னணி நிறம் ஒன்றுதான். ஆகவே ஒரு ‘2’-ஐ அதன் பின்னணியோடு செவ்வகமாக வெட்டி, மேலும் கீழும் ஒரு பிக்சல்கூட நகராமல் பக்கவாட்டில் மட்டும் இழுத்து வைத்தால் ஒட்டுப்போட்ட தடயம் தெரியாது. சாய்வு இடமிருந்து வலமாக ஓடும் படத்தில் இந்த வழி உதவாது. அங்கே எண் நேர் மேலேயோ கீழேயோ இருந்தால்தான் இது நடக்கும்.

தேதி வரியை ஒரு புதிய அடுக்கில் நகலெடுத்து வைத்துவிட்டு, அடிப்படத்தில் அந்த வரி இருந்த பட்டையை மூடினேன். பட்டையின் இடப்புறம் எழுத்தே இல்லாத 40 பிக்சல் அகலத் துண்டை எடுத்து அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டே போவதுதான் அதற்கான வழி. ஒரே பிக்சல் அகலத் துண்டை இழுத்து நீட்டினாலும் பட்டை நிரம்பிவிடும். ஆனால் அந்த இடம் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும், சுற்றியுள்ள மெல்லிய புள்ளிகளோடு பொருந்தாது. பிறகு ‘2’, ‘2’, ‘.12.2024’ என்ற மூன்று துண்டுகளை வரிசைப்படுத்தினேன். ‘1’ குறுகலான எண் என்பதால் புதிய வரி பழையதைவிட 12 பிக்சல் அகலம் கூடிவிட்டது. வரி நடுவில் அமைந்திருந்ததால் முழுவதையும் 6 பிக்சல் இடப்புறம் தள்ளித் தொடங்க வேண்டியிருந்தது. இதை மறந்தால் எதுவும் பிழையாகத் தெரியாது, ஆனால் சுவரொட்டி ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தோன்றும். இரண்டு ‘2’-களுக்கு நடுவிலான இடைவெளியை, ‘2024’-இல் ‘2’-க்கும் ‘0’-க்கும் இடையே உள்ளதைப் பார்த்து அமைத்தேன்.

கிழமைதான் தொல்லை கொடுத்தது. ‘ஞா’ என்ற எழுத்து சுவரொட்டியில் வேறெங்கும் இல்லை. கிடைத்த எழுத்துகளைப் படத்திலிருந்தும் கிடைக்காததை வேறு எழுத்துருவிலிருந்தும் எடுத்துக் கலந்தால், அந்த ஒற்றை எழுத்து கூட்டத்தில் அந்நியனாக நிற்கும். ஆகவே சொல் முழுவதையும் புதிதாகத் தட்டச்சு செய்வதே நல்லது. எந்த எழுத்துருவில் என்பதை அறிய, அழிப்பதற்கு முன்பே ‘சனிக்கிழமை’ என்ற பழைய சொல்லைச் சில எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, பாதி ஒளிபுகும் அடுக்காக அதன் மேலேயே வைத்துப் பார்க்கிறேன். கேட்டமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர் ஆகிய மூன்றில் கடைசியே மிகவும் நெருங்கி வந்தது. எழுத்தளவும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருவில் அமைந்த சுவரொட்டி என்றால், ஒருங்குறியில் தட்டச்சு செய்த சொல் அந்த எழுத்துருவில் வராது. வேறொரு எழுத்துரு சத்தமில்லாமல் வந்து அமர்ந்துகொள்ளும், கவனிக்க வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை’ அந்த இடத்துக்கு மிகவும் நீளம் என்பதால் ‘ஞாயிறு’ என்றே எழுதினேன்.

புதிதாகத் தட்டச்சு செய்த எழுத்து எப்போதும் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருக்கும். அதற்கு 0.4 பிக்சல் அளவில் காஸியன் மங்கல் கொடுத்தேன். நிறத்தைத் தூய வெள்ளையாக வைக்காமல், மீதமுள்ள எழுத்து ஒன்றின் தடித்த பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டேன். 2025-இல் வந்த கிம்ப் 3.0 பதிப்பில் மங்கலை எழுத்தடுக்கின் மேல் தனி விளைவாக வைத்துப் பின்னரும் மாற்றலாம். முந்தைய பதிப்பில் அளவு தவறினால் செய்ததைத் திரும்பப்பெற்று மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பயன்பட்ட மேம்பாடு இதுவே.

வேலை நடக்கும்வரை கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமித்து, முடிந்தபின் ஒரே ஒரு முறை ஜேபெக்காக ஏற்றுமதி செய்கிறேன். அதன்பின் 100 விழுக்காட்டு அளவிலும் 300 விழுக்காட்டிலும் பார்ப்பேன். படத்தின் மாறுபாட்டை வேண்டுமென்றே மிக அதிகமாக்கியும் ஒருமுறை பார்ப்பேன். ஆவி எஞ்சியிருந்தால் அப்போது அகப்பட்டுவிடும். படத்தில் வேறிடங்களையும் படிக்க வேண்டும்: முன்பதிவுக்கான இறுதி நாள் பழைய தேதியைச் சார்ந்திருக்கலாம், கியூஆர் குறியீடு பழைய தேதியுள்ள பக்கத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

இந்த முறையால் ஆகாதவையும் உண்டு. 1080 பிக்சல் அகலப் படத்தை ஏ3 தாளில் அச்சிடக் கேட்டால் மறுத்துவிடுகிறேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அதற்கு ஏறத்தாழ 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும். அந்நிலையில் சுவரொட்டியைப் புதிதாக அமைப்பதே குறைந்த வேலை. தேதி ஒரு முகத்தின் மேலோ துணி மடிப்பின் மேலோ விழுந்திருந்தால், கிம்ப்பின் ஹீல் கருவி அடுத்திருக்கும் நிறத்தை இழுத்து அப்பிவிடுகிறது. குளோன் கருவியால் கையாலேயே மெல்ல நிரப்ப வேண்டும், அப்போதும் முழு நிறைவு கிடைப்பதில்லை.

தடயமே தெரியாத திருத்தம் எப்போதும் தேவைதானா என்ற ஐயம் எனக்கு அண்மைக் காலமாக எழுந்துள்ளது. பழைய படம் ஏற்கெனவே பலரிடம் போயிருக்கும்போது, அதைப் போலவே இருக்கும் புதிய படத்தைச் சிறிய திரையில் பார்ப்பவர் ‘இது பார்த்ததுதானே’ என்று கடந்துவிடுவார். அதனால் 22.12.2024 சுவரொட்டிக்கு இரண்டு வடிவங்கள் கொடுத்தேன்: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு மேலே சொன்னபடி திருத்திய படம், ஏற்கெனவே பெற்றவர்களுக்குத் தேதி வரியின் மேல் மஞ்சள் பட்டையிட்டு, அதில் ‘மாற்றப்பட்ட நாள்: 22.12.2024, ஞாயிறு’ என்று கறுப்பில் எழுதிய படம். முதலாவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒருங்கிணைப்பாளர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே அனுப்பினார்கள்.