படம் எடுத்த பட்டியலிலிருந்து ஒரு நாள் சுற்றுலாத் திட்டம்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் வசிக்கும் எங்கள் வீட்டிற்குப் பள்ளி விடுமுறைகளில் ஜொகூரிலிருந்தும் சிலாங்கூரிலிருந்தும் உறவினர் வருவது வழக்கம். அவர்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டுவதற்கு, தங்கும் விடுதிகளிலும் கடைகளிலும் ஒட்டியிருக்கும் "பார்க்க வேண்டிய இடங்கள்" பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து, அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து, அன்றைய பயண வரிசையை அமைக்கும் முறையைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த முறை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை ஒரு வெள்ளிக்கிழமைப் பயணத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

அந்தப் பட்டியலில் ஆறு இடங்கள் இருந்தன. இடத்தின் பெயர், திறந்திருக்கும் நேரம், தொலைவு என மூன்று பத்திகள். ஈப்போ நகருக்கு வடக்கேயுள்ள பேராக் தோங் குகைக்கோயில் 22 கிலோமீட்டர். கோலகங்சாரிலுள்ள பழைய ரப்பர் மரம் 23. உபுடியா பள்ளிவாசல் 25. சுல்தான் அஸ்லான் ஷா காட்சியகம் 26. பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி கோட்டை 52. தைப்பிங் ஏரிப் பூங்கா 57. பட்டியலைத் தயாரித்தவர் தொலைவின்படி ஏறுவரிசையில் அடுக்கியிருந்தார். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும் இந்த அடுக்குதான் பயணத் திட்டத்தைக் குலைப்பதில் முதலிடம் வகிக்கிறது. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையிட்ட தாளாகவே இருக்கும். நேர் எதிரே நின்று எடுத்தால் கூரை விளக்கு நடுப்பத்தியில் வெள்ளைத் திட்டாக விழுந்து, நேரங்கள் மறைந்துவிடும். சற்றே பக்கவாட்டில் நகர்ந்து, ஒளிப்பான் இல்லாமல், தாளின் நான்கு மூலைகளும் தெரியும்படி எடுத்த படமே பயன்படுகிறது. எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் வசதி இப்போது பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. அது சொற்களை நன்றாகப் படித்துவிடும். அட்டவணையைத்தான் அது சரியாகப் படிப்பதில்லை. வரிசை வரிசையாகப் படிக்க வேண்டியதைப் பத்தி பத்தியாகப் படித்து, முதலில் எல்லாப் பெயர்களையும், அடுத்து எல்லா நேரங்களையும், கடைசியில் எல்லாத் தொலைவுகளையும் கொட்டிவிடும்.

அந்தக் கொட்டலில் ஒரு பொறி இருந்தது. ரப்பர் மரம் சாலையோரம் வேலிக்குள் நிற்பது என்பதால் அதற்கு நேரம் எதுவும் குறிக்கப்படவில்லை. கட்டம் வெறுமையாக இருந்தது. கைப்பேசி வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே, அதற்குக் கீழே இருந்த நேரங்கள் அனைத்தும் ஒரு படி மேலே ஏறி, பள்ளிவாசலின் நேரம் மரத்திற்கும், காட்சியகத்தின் நேரம் பள்ளிவாசலுக்கும், கோட்டையின் நேரம் காட்சியகத்திற்கும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு நேரமும் தனித்துப் பார்த்தால் நம்பத்தக்கதாகவே இருந்தது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை வரிகள் வந்துள்ளன என்று எண்ணுவதே. பெயர் ஆறு, தொலைவு ஆறு, நேரம் ஐந்து என்று வந்தால் எங்கோ ஒரு கட்டம் விழுங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். படத்தை மீண்டும் திறந்து, வெற்றிடம் எந்த வரிசையில் உள்ளது என்று பார்த்து, அங்கே ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். புள்ளி காணாமல் போய் 2.6 என்பது 26 ஆவதும், அதற்கு மாறாக 26 என்பது 2.6 ஆவதும் உண்டு. ஒரே ஊரிலுள்ள இடங்களின் தொலைவுகள் ஒன்றுக்கொன்று அருகில்தான் இருக்க வேண்டும் என்பதால், கோலகங்சாரின் மூன்று இடங்களும் 23, 25, 26 என்று நெருங்கி நின்றதும் அந்தக் கவலை நீங்கியது.

இனி தொலைவுப் பத்தி. அதிலுள்ள எண்கள் அனைத்தும் சுங்கை சிப்புட்டிலிருந்து அளக்கப்பட்டவை. மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளைப் போல ஒரே நடுவத்திலிருந்து நாலா பக்கமும் போகும் அளவுகள் அவை. ஓர் இடத்திற்கும் அடுத்த இடத்திற்கும் இடையிலுள்ள தொலைவை அவை சொல்வதில்லை. இரண்டு இடங்களும் ஒரே சாலையில் ஒரே திசையில் இருந்தால், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் இடைத்தொலைவு ஏறத்தாழக் கிடைக்கும். எதிரெதிர்த் திசைகளில் இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். திசைகள் சாய்வாக இருந்தால் உண்மை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். குகைக்கோயிலுக்கு 22, ரப்பர் மரத்திற்கு 23 என்று பட்டியலில் அடுத்தடுத்து நிற்பவை, சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் பிரிந்து நிற்கின்றன; ஒன்று ஈப்போ பக்கம், மற்றொன்று கோலகங்சார் பக்கம். ஆகவே, நான் பட்டியலில் நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்த்து, அதில் "வடக்கு" அல்லது "தெற்கு" என்று மட்டும் எழுதுகிறேன். எங்கள் ஊர் கூட்டரசு சாலை 1-இல், இரண்டு நகரங்களுக்கும் நடுவில் அமைந்திருப்பதால் இந்த இரண்டு சொற்களே போதுமானவையாக இருக்கின்றன.

குளுவாங்கிலிருந்து வந்திருந்த மாமா பட்டியலைப் பார்த்துவிட்டு, "குகைக்கோயில்தானே ரொம்பக் கிட்ட இருக்கு தம்பி, அதை முதல்ல முடிச்சிட்டா என்ன?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. தைப்பிங்கை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் பட்டியல் வரிசைப்படியே சென்று பார்த்தால் என்ன ஆகும் என்று அவருடன் உட்கார்ந்து கணக்கிட்டேன். குகைக்கோயிலுக்கு 22, அங்கிருந்து ஊரைக் கடந்து ரப்பர் மரத்திற்கு 45, கோலகங்சாருக்குள் பள்ளிவாசலும் காட்சியகமும் சேர்த்து 4, அங்கிருந்து திரும்பவும் ஊரையும் ஈப்போவையும் கடந்து கோட்டைக்கு 78, வீடு திரும்ப 52. மொத்தம் 201 கிலோமீட்டர். மாறாக, வடக்கிலுள்ள மூன்றையும் முதலில் முடித்துத் தெற்கே இறங்கினால், 25, 4, 45, 30, 52 என்று 156 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது.

கிலோமீட்டரைவிட நேரம்தான் இங்கே தீர்ப்புச் சொன்னது. அன்று வெள்ளிக்கிழமை. தொழுகையை ஒட்டிய நண்பகல் வேளையில் பள்ளிவாசலுக்குள் மற்றவர்கள் செல்ல இயலாது. காட்சியகமும் அந்த இடைவேளையில் மூடப்படும் என்று பட்டியலில் சிறிய எழுத்தில் இருந்தது. ஒரு நாளில் மிகக் குறுகிய நேரம் திறந்திருக்கும் இடம் எதுவோ, அதை முதலில் ஊன்றிவிட்டு, நாள் முழுவதும் திறந்திருப்பவற்றை அதைச் சுற்றி அமைப்பதே என் வழக்கம். குகைக்கோயிலை முதலில் வைத்திருந்தால், கோலகங்சாரில் எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதற்குள் அந்த மூடிய வேளை வந்துவிட்டிருக்கும்.

வீட்டை விட்டு எட்டரைக்குக் கிளம்பினோம். சிற்றூர்களையும் சமிக்ஞை விளக்குகளையும் கடக்கும் பழைய சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தே கணக்கிடுவேன். அதற்குமேல் ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்தி இறங்கிச் சேரப் பத்து நிமிடம். 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட உபுடியா பள்ளிவாசலில் ஒன்பதரைக்குள் நிதானமாகப் பார்க்க முடியாமல் பத்து மணிவரை ஆனது. காட்சியகம் பதினொன்றே கால் வரை. ரப்பர் மரத்திற்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்கியிருந்தேன். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளின் வழியில் எஞ்சி நிற்பதாகச் சொல்லப்படும் மரம் அது. பால்மரம் சீவி வளர்ந்த குடும்பத்தினர் அதன் அடியில் பத்து நிமிடத்தில் நகர மாட்டார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அத்தை பட்டையைத் தொட்டுப் பார்க்க இயலாத வேலியைக் குறை சொல்லிக்கொண்டே கால்மணி நேரத்திற்கும் மேல் நின்றார்.

பாதை எங்கள் ஊர் வழியாகவே தெற்கே இறங்குவதால், மதிய உணவை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. தொழுகைக்காகச் சாலையோரங்களில் வண்டிகள் நிறுத்தப்படும் வேளையையும் வீட்டிற்குள்ளேயே கழித்துவிட்டோம். முழங்கால் வலியுள்ள அத்தை அங்கேயே ஓய்வெடுத்தார். குகைக்கோயிலில் மேலே ஏற நூற்றுக்கணக்கான படிகள் உள்ளன என்பதால் அது நல்லதாகவே போயிற்று. ஏறுவோர் இருந்தால் ஒரு மணி நேரமும், குகைக்குள் மட்டும் பார்ப்பதானால் அரை மணி நேரமும் வைக்கலாம்.

கெல்லி கோட்டைக்கு மூன்றரை மணியளவில் சேர்ந்தோம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன மாளிகை அது. அதைக் கட்டியவர்களில் நம் தமிழகத்துத் தொழிலாளர்களும் இருந்தனர். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் மேற்கூரைச் சிற்பங்களுக்கு நடுவே ஸ்மித்தின் உருவமும் நிற்பதைக் காண்பதற்காகவே கூடுதலாக அரைமணி நேரம் வைத்திருந்தேன். பட்டியலில் போட்டிருக்கும் மூடும் நேரம் வாயிற்கதவு மூடும் நேரமே; நுழைவுச்சீட்டு விற்பது அதற்கு முன்பே நின்றுவிடக்கூடும். எனவே, எந்த இடமானாலும் மூடுவதற்கு ஒன்றரை மணி நேரத்திற்கு முன்பாகச் சேரும்படியே வரிசையை அமைக்கிறேன்.

இந்த முறையின் பெரிய குறை, படத்திற்கு வயது ஏறிக்கொண்டே போவது. படத் தொகுப்பில் தேடினால் பழைய படமும் புதிய படமும் ஒன்றுபோலவே தெரிகின்றன. நோன்பு மாதத்திலும் பழுதுபார்ப்புக் காலத்திலும் நேரங்கள் மாறுகின்றன. முதல் நாள் மாலை, ஊன்றி வைத்திருக்கும் அந்த ஒரே ஓர் இடத்திற்காவது தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்கிறேன். எல்லா இடங்களுக்கும் பேசுவது நடைமுறையில் நடக்கிற காரியம் அல்ல. நாள் முழுவதும் திறந்திருப்பவற்றில் அரைமணி நேரம் முன்பின் ஆனாலும் வரிசை குலையாது.

தைப்பிங் ஏரிப் பூங்காவை மாமா கடைசிவரை விட மனமில்லாமல் இருந்தார். அது வடக்கில், பள்ளிவாசலுக்கும் அப்பால் ஏறத்தாழ 32 கிலோமீட்டர். போய் வர 64 சேரும், காலையில் ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் கரையும், கோட்டை கைநழுவும். பூங்காவின் நேரக் கட்டத்தில் நாள் முழுவதும் என்றே இருந்ததால், கோலகங்சாரையும் தைப்பிங்கையும் மட்டும் கொண்ட வேறொரு நாள் திட்டத்தில் அதைக் கடைசியாக வைத்தேன். அவர் அடுத்த விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.