குவிஃபா, பொம்படோரா: திருகோணமலைக் காற்றில் எது நிற்கும்?

முன்முடியை உயர்த்தி வைக்கும் குவிஃப், பொம்படோர் என்ற இரண்டு தலைமுடி அலங்காரங்களும் முன்னால் நின்று பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும். பக்கவாட்டில் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். பொம்படோரில் நெற்றி ஓரத்து முடி மேலெழுந்து, உருண்டு, உச்சிவரை ஒரே வழுவழுப்பான மேடாகப் போகும். குவிஃபில் முன்முடி மட்டும் எழும்பி நிற்கும். நுனி தளர்வாக இருக்கும், உச்சி தணிந்திருக்கும்.

எதைத் தேர்வது என்பதை முதலில் முடிவு செய்வது நீளம்தான். குவிஃபுக்கு முன்னால் மூன்று அங்குலம் இருந்தால் போதும். உச்சியில் ஒன்றரை அங்குலம் இருந்தாலும் குறையில்லை. பொம்படோருக்கு முன்னால் நாலு அங்குலமாவது வேண்டும், உச்சியிலும் இரண்டரை, மூன்று அங்குலம் வேண்டும். பின்னால் சாயும் முன்முடி, உச்சி முடியின் மேல்தான் தங்குகிறது. உச்சி கட்டையாக இருந்தால் மேட்டுக்குப் பின்னால் படி விழுந்ததுபோல ஒரு பள்ளம் தெரியும். முடியை நிறுத்தப் பூசும் எந்தப் பொமேட்டும் அதை மறைக்காது.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. முடி நனையும்போது அதன் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்கின்றன. எந்த நிலையில் பிடித்துக்கொண்டு காய வைக்கிறோமோ அந்த நிலையிலேயே திரும்பக் கட்டுப்படுகின்றன. அதனால் தலைக்குத் தோய்ந்த பிறகு துவாயால் ஒற்றி, முடியைப் பொத்திப் பிடித்தால் உள்ளங்கையில் நீர் படாத ஈரத்தில் தொடங்குங்கள். சொட்டச் சொட்ட இருந்தால் கை ஓய்ந்துபோகும், முடியும் வீணாகச் சூடாகும். முழுக்கக் காய்ந்திருந்தால் முடி பேச்சுக் கேட்காது. கண்டிஷனரை நுனிக்கு மட்டும் போடுங்கள். வேரில் பட்டால் எழும்பாது. டிரையருக்குத் தட்டையான மூக்கு மாட்டி, சூடு தாங்கும் சீப்பை எடுங்கள். மலிவான பிளாஸ்டிக் சீப்பின் பற்கள் சூட்டில் வளைந்துவிடும்.

குவிஃபுக்கு முதலில் எல்லா முடியையும் நெற்றியின்மேல் முன்னோக்கி வாரி, பின்னாலிருந்து காற்றடித்து வேரை அரைவாசி காய வையுங்கள். பிறகு அகலப் பல் சீப்பால் முன்முடியை நேரே மேலே தூக்கி, வேருக்கு முன்பக்கமிருந்து காற்றைக் காட்டுங்கள். முன்னோக்கிக் காய்ந்த வேரை எதிர்த்திசைக்குத் திருப்புவதால்தான் அது படுக்காமல் நிற்கிறது. எடுத்த எடுப்பில் பின்னோக்கி வாரிக் காய வைப்பதே பலர் விடும் பிழை. அரை மணி நேரத்தில் முடி மண்டையோடு ஒட்டிவிடும்.

பொம்படோரை உச்சிப் பக்கமிருந்து தொடங்கி முன்னே வர வேண்டும். ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரு பிடி எடுத்து, நேரே மேலே இழுத்து, வேரைக் காய வைத்துப் பின்னே சாயுங்கள். கடைசியாக நெற்றிப் பிடி. அதைப் பின்னே வாரியபின் சீப்பை வேரருகே செருகி, அரை அங்குலம் முன்னே தள்ளிப் பிடித்தபடி சூடு கொடுங்கள். மேட்டைத் தருவது இந்தத் தள்ளல்தான். உடனே குளிர்காற்றுப் பொத்தானை அழுத்திப் பதினைந்து விநாடி அசையாமல் பிடியுங்கள். சூடாக இருக்கும்போது சீப்பை உருவினால் மேடு அமர்ந்துவிடும்.

ஓர் உதாரணம்: முன்னால் மூன்றரை அங்குலம், உச்சியில் இரண்டு, நெற்றியின் இடப்பக்கம் ஒரு சுழி. இந்தத் தலைக்குப் பொம்படோர் வேண்டாம். சுழி இருக்கும் இடத்தில் மேடு இரண்டாகப் பிளந்து நிற்கும். குவிஃப் என்றால், சுழியை மட்டும் தண்ணீர் தொட்டு நனைத்து, ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என மாற்றி மாற்றி வாரிக் காய வைத்துச் சமப்படுத்தலாம். மிச்சமிருக்கும் கோணல் தளர்ந்த நுனியில் கலந்து மறைந்துவிடும்.

இனி காற்று. வாடைக் காலத்தில் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று கட்டிய பிணைப்பை மறுபடி அவிழ்க்கும். அப்போது நீரில் கரையும் பொமேட்டும் இளகும். வழுவழுப்பான பொம்படோரில் ஒரு கற்றை விலகினாலும் கண்ணில் உறுத்தும். குவிஃபோ கொஞ்சம் கலைந்தாலும் குவிஃப்தான். வாடைக்கு எங்கள் தேர்வு அதுவே: பட்டாணி அளவு மினுக்கமில்லாத ஹெயர் கிளேயை உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து, பின்னாலிருந்து வேர்ப்பக்கமாகப் பூசுங்கள். முதலில் நெற்றியில் வைத்தால் பாரத்தில் முன்முடி தொங்கும். வறண்ட கச்சான் வீசும் மாதங்களில், அல்லது மண்டபத்துக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு, பொம்படோரைத் துணிந்து வைக்கலாம்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒன்று. ஹெல்மெட் இரண்டையும் அமுக்கும். குவிஃப் என்றால் விரல் நுனியை நனைத்து வேரில் மட்டும் தேய்த்து, மேலே கோதிவிட்டால் ஓரளவு திரும்பும். பொம்படோருக்கு மறுபடி டிரையர் வேண்டும். போகுமிடத்தில் அது இல்லையென்றால் அன்றைக்குக் குவிஃபே வையுங்கள்.