நெட்டுவாக்கு வீடியோவும் கறுப்புப் பட்டைகளும்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

உறவினர்கள் கைபேசியில் எடுத்து அனுப்பிய வளைகாப்பு வீடியோக்களை ஒன்றாகத் தொகுக்க நண்பர் ஒருவர் முயன்றார். பாதி கிளிப்புகள் நெட்டுவாக்கிலும் பாதி கிடைவாக்கிலும் இருந்ததால், பக்கங்களில் விழும் கறுப்புப் பட்டைகளை என்ன செய்வதென்று என்னிடம் கேட்டார். பல ஆண்டுகளாக இதற்கு நான், கட்டளை வரியில் வீடியோவை மாற்றித் தரும் ffmpeg என்ற மென்பொருளின் கட்டளை ஒன்றையே பயன்படுத்தி வருகிறேன். அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே எரிச்சலூட்டுகிறது என்பதை எழுதிவிடுகிறேன்.

1920×1080 டைம்லைனில் 1080×1920 கிளிப்பை முழு உயரத்துக்கு வைத்தால், அதன் அகலம் 608 பிக்சல்தான் வரும். இருபுறமும் 656 பிக்சல் காலியாக நிற்கும். அதாவது திரையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் கறுப்பு. அகலம் நிரம்பும்வரை பெரிதாக்கினாலோ, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நின்றுகொண்டிருப்பவரின் தலையோ காலோ வெட்டுப்படும். முகத்தை மட்டும் காட்டும் காட்சிக்கு இந்த வெட்டு பொருந்தும். ஆனால் அந்த கிளிப் 4கே தரத்தில் எடுக்கப்பட்டிருந்தால்தான் கூர்மை குறையாது. மெசேஜ் செயலிகள் வீடியோவைச் சுருக்கிவிடுவது வழக்கம் என்பதால், கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேட்டுவாங்குவது அவசியம்.

மற்ற காட்சிகளுக்கு, அதே கிளிப்பின் மங்கலாக்கிய நகலைப் பின்னணியாக விரிக்கும் வழியைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறேன்.

```
ffmpeg -i nettu.mp4 -filter_complex \
"[0:v]split[a][b]; \
[a]crop=iw:iw*9/16,scale=320:180,gblur=sigma=6,\
scale=1920:1080,setsar=1,\
eq=brightness=-0.15:saturation=0.6[bg]; \
[b]scale=-2:1080[fg]; \
[bg][fg]overlay=(W-w)/2:0" -c:a copy kidai.mp4
```

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 320×180 என்ற சுருக்கம். முழு அளவுப் படத்தை மங்கலாக்கினால் பழைய மடிக்கணினி திணறும். முதலில் சுருக்கி, மங்கலாக்கி, பிறகு விரித்தால் வேலை வெகுவாகக் குறைகிறது, கண்ணுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. கைபேசி கோப்பில் எழுதிவைக்கும் சுழற்சிக் குறிப்பையும் ffmpeg தானாகவே படித்துக்கொள்கிறது. அதைக் கவனிக்காத ஒரு எடிட்டிங் செயலியில் கிளிப்புகள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்ததைப் பார்த்த எனக்கு இது பெரிய நிம்மதி.

இத்தனை இருந்தும் ஒரு குறை ஆண்டுக்கணக்கில் என் பொறுமையைச் சோதிக்கிறது. பின்னணி நகல் முன்னால் உள்ள படத்தைவிட 3.16 மடங்கு பெரியது. ஆகவே எடுத்தவரின் கை நடுங்கி, நடுவில் உள்ள படம் 10 பிக்சல் அசைந்தால், பக்கங்கள் 32 பிக்சல் அசைகின்றன. கணினித் திரையில் அவ்வளவாகத் தெரியாத இந்த ஆட்டம், கூடத்திலுள்ள பெரிய தொலைக்காட்சியில் போட்டதும் கண்ணைப் பிடுங்குகிறது. வளையல் அடுக்கும் கையைப் பார்க்க வேண்டியவர்கள், பக்கத்தில் நெளியும் பட்டுப்புடவைச் சிவப்பைப் பார்க்கிறார்கள். மங்கலை எவ்வளவு கூட்டினாலும், பெரிய வண்ணத் திட்டுகள் நகர்வதை அது மறைப்பதில்லை. கட்டளையில் வெளிச்சத்தையும் வண்ணச் செறிவையும் குறைத்திருப்பது அதனால்தான். வெயிலில் எடுத்த கிளிப்புக்கு brightness மதிப்பை -0.3 வரைகூட இறக்குகிறேன். ஒலியை நிறுத்திவிட்டு நான்கடி தள்ளி நின்று பாருங்கள். பார்வை பக்கங்களுக்கு ஓடினால் இன்னும் இருட்டாக்க வேண்டும் என்று பொருள்.

நான் எதிர்பாராத இன்பம் கிடைத்தது வேறோர் இடத்தில். மூன்று நெட்டுவாக்கு கிளிப்புகளை அருகருகே வைத்தால் அவை கிடைவாக்குச் சட்டத்தை ஏறத்தாழ அப்படியே நிரப்பிவிடுகின்றன. ஒவ்வொன்றையும் 640 அகலத்துக்குக் கொண்டுவந்தால் உயரம் 1138 ஆகிறது. மேலேயும் கீழேயும் தலா 29 பிக்சல் வரிகளை மட்டும் வெட்டினால் போதும். அத்தை சந்தனம் பூசுவது ஒன்றில், சீர்வரிசைத் தட்டுகள் ஒன்றில், கர்ப்பிணியின் முகம் ஒன்றில் என்று வைத்தபோது, கறுப்பும் இல்லை, மங்கலும் இல்லை, விழா முழுவதும் ஒரே பார்வையில் வந்தது. மூன்றின் ஒலியும் கலந்தால் இரைச்சல்தான் மிஞ்சும் என்பதால் ஒன்றை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் அடக்கிவிட வேண்டும். மூன்றும் ஒரே நீளத்தில் இருப்பதும் அவசியம். ஒன்று முன்னதாக முடிந்தால் அதன் கடைசி ஃபிரேம் உறைந்துபோய் நிற்கும்.

பக்கங்களின் அந்த ஆட்டத்தைக் கட்டளையின் பிழை என்று சொல்வதற்கில்லை. தன் வேலையை அது ஒருமுறைகூடத் தவறாகச் செய்ததில்லை. இருந்தாலும் நண்பரிடம் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. நெட்டுவாக்கு கிளிப்புகளை முதலில் மும்மூன்றாகப் பிரித்துப் பாருங்கள், துணை கிடைக்காமல் தனித்து நிற்கும் கிளிப்புக்கு மட்டும் மங்கலைப் பூசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.